நெருக்கடி நிலையில் 17ஆம் உறுப்பு: எந்த உரிமை நிற்கும், எது நிறுத்தப்படும்?

ஆண்டிபட்டியில் அண்மையில் நடந்த ஒரு படிப்பு வட்டத்தில், அரசமைப்புச் சட்டத்தின் மூன்றாம் பகுதியை உறுப்பு உறுப்பாக வாசித்துக்கொண்டிருந்தோம். தீண்டாமையை ஒழிக்கும் 17ஆம் உறுப்பை வாசித்து முடித்தபோது கல்லூரி மாணவி ஒருவர் கேட்டார்: “நெருக்கடி நிலை அறிவித்தால் பேச்சுரிமை போய்விடும் என்று படித்திருக்கிறோம். தீண்டாமை ஒழிப்பும் போய்விடுமா?” எங்களில் பலர் சற்றும் யோசிக்காமல் ‘போகாது’ என்றோம். பின்னர் 359ஆம் உறுப்பை எடுத்து வாசித்தபோது, அவ்வளவு உறுதியாக விடை சொல்லியிருக்கக் கூடாது என்பது புரிந்தது. அந்த மாணவிக்குச் சொல்ல வேண்டிய முழு விடையே இக்கட்டுரை.

முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிவிடுவோம். அரசமைப்புச் சட்டத்தின் பதினெட்டாம் பகுதி மூன்று வகை நெருக்கடிகளைக் கூறுகிறது. 352ஆம் உறுப்பின் கீழ் வருவது தேசிய நெருக்கடி. 356ஆம் உறுப்பின் கீழ் வருவது மாநில ஆட்சியைக் கலைத்து அமைக்கப்படும் குடியரசுத் தலைவர் ஆட்சி. 360ஆம் உறுப்பின் கீழ் வருவது நிதி நெருக்கடி. இவற்றுள் அடிப்படை உரிமைகளை நிறுத்தி வைக்கும் அதிகாரத்தைத் தருவது முதல் வகை மட்டுமே. தமிழ்நாட்டில் 1976, 1980, 1988, 1991 ஆகிய ஆண்டுகளில் குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது. ஆட்சி கலைந்த காரணத்தால் மட்டும் எவருடைய அடிப்படை உரிமையும் நிறுத்தப்படுவதில்லை. ஆனால் 1976இல் 352, 356 ஆகிய இரண்டும் ஒரே நேரத்தில் நடைமுறையில் இருந்தன. அதன் விளைவைத்தான் இங்கே விரிவாகப் பார்க்கப் போகிறோம்.

இரண்டு பூட்டுகள்

தேசிய நெருக்கடி நிலை இதுவரை மூன்று முறை அறிவிக்கப்பட்டிருக்கிறது. 1962இல் சீனப் போரின்போதும், 1971இல் பாகிஸ்தான் போரின்போதும், 1975 சூன் 25 இரவில் ‘உள்நாட்டுக் குழப்பம்’ என்ற காரணத்தின் பேரிலும் அறிவிக்கப்பட்டது. மூன்றாவது அறிவிப்பில் குடியரசுத் தலைவர் பக்ருதீன் அலி அகமது கையெழுத்திட்டது, பிரதமர் இந்திரா காந்தி எழுதிய கடிதத்தின் அடிப்படையில். அமைச்சரவை கூடி ஒப்புதல் அளித்தது மறுநாள் காலையில்தான்.

இப்படியோர் அறிவிப்பு வந்ததும் உரிமைகள் இரு வழிகளில் பூட்டப்படும். முதல் பூட்டு 358ஆம் உறுப்பு. பேச்சு, கூடுகை, சங்கம் அமைத்தல், நடமாட்டம் முதலான 19ஆம் உறுப்பின் சுதந்திரங்கள் இதன்படித் தாமாகவே செயலிழக்கும். தனி ஆணை எதுவும் தேவையில்லை. இரண்டாம் பூட்டு 359ஆம் உறுப்பு. இது தானாக விழுவதில்லை. எந்தெந்த உரிமைகளுக்காக நீதிமன்றம் செல்ல முடியாது என்று குடியரசுத் தலைவர் பெயர் குறித்து ஓர் ஆணை வெளியிட வேண்டும். ஆணையில் சொல்லப்படாத உரிமைகள் அப்படியே நிற்கும்.

1975 சூன் 27 அன்று வந்த ஆணை 14, 21, 22 ஆகிய மூன்று உறுப்புகளைக் குறிப்பிட்டது. சட்டத்தின் முன் சமத்துவம், உயிருக்கும் உடல் சுதந்திரத்துக்குமான பாதுகாப்பு, கைதானவருக்கான பாதுகாப்பு ஆகியவை அவை. 17ஆம் உறுப்பும், கட்டாய உழைப்பைத் தடை செய்யும் 23ஆம் உறுப்பும் அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே காகிதத்தின்படி, அந்த இருபத்தொரு மாதங்களிலும் தீண்டாமைக்கு எதிரான உரிமை உயிரோடுதான் இருந்தது.

காகிதத்தில் மட்டுமன்று, அக்காலத்தில் புதுச் சட்டங்களும் வந்தன. 1975 சூலை 1 அன்று அறிவிக்கப்பட்ட இருபது அம்சத் திட்டத்தில் கொத்தடிமை ஒழிப்பு ஓர் அம்சம். அவ்வாண்டு அக்டோபரில் அதற்கான அவசரச் சட்டமும், 1976இல் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டமும் வந்தன. 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டம் கடுமையாக்கப்பட்டு, குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்ற புதுப் பெயருடன் 1976 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. நெருக்கடி நிலை மேல்சாதி அரசியல்வாதிகளுக்குத்தான் கொடுமை, தலித்துகளுக்கு நன்மையே செய்தது என்று இன்றும் சிலர் வாதிடுவது இவற்றை வைத்துத்தான். இந்த வாதத்தைச் சோதித்துப் பார்க்காமல் தள்ளிவிட முடியாது.

1976இல் ஆண்டிபட்டியில் ஒருவர்

சோதித்துப் பார்க்க ஒரு மனிதரைக் கற்பனை செய்துகொள்வோம். பெயர் வேண்டாம். ஆண்டிபட்டியை அடுத்த ஒரு சேரியைச் சேர்ந்த இளைஞர். விவசாயக் கூலிகளைத் திரட்டிச் சங்கம் வைத்திருக்கிறார். பண்ணையில் கடனுக்காக ஆள் கட்டி வைத்திருப்பதைப் புதுச் சட்டத்தின்படி முறையிட்டார்; தேநீர்க் கடையில் தனிக் குவளை வைத்திருப்பதைக் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்தார். இரண்டு சட்டங்களும் அவர் பக்கம். அவருக்கு எதிரிகள் ஊரில் செல்வாக்குள்ளவர்கள்.

1976 சனவரி 30 வரை இவருக்கு ஓரளவு பாதுகாப்பு இருந்திருக்கும். நெருக்கடி நிலையை எதிர்த்துத் தீர்மானம் போட்ட தி.மு.க. அப்போது சென்னையில் ஆட்சியில் இருந்தது. நாடு முழுவதும் மிசா கைதுகள் நடந்தபோதும் தமிழ்நாட்டில் அந்த வேகம் இல்லை. சனவரி 31 அன்று கருணாநிதி அரசு கலைக்கப்பட்டது. அதையடுத்து தி.மு.க.வினர் உட்படப் பலர் மிசாவில் சிறைப்பட்டனர். ஒரே அரசமைப்புச் சட்டம், ஒரே மிசா, ஒரே குடியரசுத் தலைவர் ஆணை. மாறியது பேனா பிடித்த கை மட்டுமே. மிசாவின்படி தடுப்புக் காவல் ஆணையில் கையெழுத்திடும் அதிகாரம் மத்திய, மாநில அரசுகளுக்கு மட்டுமின்றி மாவட்ட ஆட்சியருக்கும் இருந்தது. ஆண்டிபட்டி அன்று மதுரை மாவட்டத்தில் இருந்தது. தேனி மாவட்டம் உருவானது 1996இல்தான்.

இனி, அந்த இளைஞர் மீது மிசா ஆணை பிறப்பிக்கப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் அவர் ஏன் பிடிக்கப்பட்டார் என்று கேட்பார். 1975 சூன் இறுதியில் மிசாவில் சேர்க்கப்பட்ட 16-அ பிரிவின்படி, நெருக்கடி நிலையைச் சமாளிக்க இக்கைது தேவை என்று அதிகாரி ஓர் உறுதிமொழி எழுதிவிட்டால் காரணம் தெரிவிக்க வேண்டியதில்லை. அந்தக் காரணங்கள் அரசின் இரகசியமாகவே கருதப்படும். அடுத்து அவருடைய சங்கத்தார் ஊர்வலம் போக நினைப்பார்கள். 19ஆம் உறுப்பு செயலிழந்து கிடக்கிறது. நாளிதழுக்குச் செய்தி கொடுப்பார்கள். தணிக்கை இருக்கிறது. எஞ்சியது ஆட்கொணர்வு மனு. அன்று மதுரையில் உயர் நீதிமன்றக் கிளை இல்லை. அது 2004இல்தான் வந்தது. எனவே கூலிக் குடும்பம் ஏறத்தாழ ஐந்நூறு கிலோமீட்டர் கடந்து சென்னைக்குப் போக வேண்டும். போனால் அங்கே என்ன விடை கிடைக்கும்?

1976 ஏப்ரல் 28க்குப் பிறகு போயிருந்தால், கதவு முழுவதுமாக மூடப்பட்டிருக்கும். அன்றுதான் உச்ச நீதிமன்றம் ஜபல்பூர் கூடுதல் மாவட்ட நீதித்துறை நடுவர் எதிர் சிவகாந்த் சுக்லா வழக்கில் தீர்ப்பளித்தது.

கதவு மூடப்பட்ட விதம்

இத்தீர்ப்பின் நுட்பத்தைப் புரிந்துகொள்ளாவிட்டால் பின்னர் வந்த திருத்தத்தின் அருமையும் குறையும் புரியாது. 1962 நெருக்கடியின்போதும் இதே போன்ற ஆணை இருந்தது. ஆனால் அது, இந்தியப் பாதுகாப்புச் சட்ட ஏற்பாடுகளின்படி காவலில் வைக்கப்பட்டவருக்கு மட்டுமே பொருந்தும் என்ற நிபந்தனையோடு வந்தது. அதனால் 1963இல் மக்கான் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு சந்தைத் திறந்து வைத்தது. அடிப்படை உரிமையைக் காட்டி வாதிட முடியாவிட்டாலும், ‘என்னைப் பிடித்த முறை அந்தச் சட்டத்துக்கே முரணானது’ என்றோ, ‘கெட்ட எண்ணத்தோடு பிடித்தார்கள்’ என்றோ வாதிடலாம் என்றது.

1975 ஆணையில் அந்த நிபந்தனை விடப்பட்டிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு அரசு, சட்டத்துக்கு முரணாகவே பிடித்திருந்தாலும், தவறான ஆளையே பிடித்திருந்தாலும் கேட்க முடியாது என்று வாதிட்டது. பல உயர் நீதிமன்றங்கள் அந்த வாதத்தை மறுத்திருந்தன. உச்ச நீதிமன்றத்தில் தலைமை நீதிபதி ஏ.என்.ரே, எம்.எச்.பெக், ஒய்.வி.சந்திரசூட், பி.என்.பகவதி ஆகிய நால்வரும் அதை ஏற்றனர். விசாரணையின்போது நீதிபதி எச்.ஆர்.கன்னா, காவல் அதிகாரி ஒருவர் சொந்தப் பகைக்காக ஒருவரைக் கொன்றுவிட்டால்கூடப் பரிகாரம் இல்லையா என்று அரசுத் தலைமை வழக்கறிஞர் நிரேன் டேயிடம் கேட்டார். நெருக்கடி நிலை நீடிக்கும்வரை இல்லை என்பதே அவருடைய பதிலாக இருந்தது. கன்னா ஒருவரே மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். 1977 சனவரியில் அவருக்கு இளையவரான பெக் தலைமை நீதிபதி ஆக்கப்பட்டார். கன்னா பதவி விலகினார்.

அந்தக் கேள்வி வெறும் வாதத்துக்காகக் கேட்கப்பட்டதன்று. சென்னை மத்திய சிறையில் 1976 பிப்ரவரியில் மிசா கைதிகள் அடித்து உதைக்கப்பட்டனர். அங்கே தாக்கப்பட்டவர்களுள் ஒருவரான முன்னாள் மேயர் சிட்டிபாபு 1977 சனவரியில் இறந்தார். சிறையில் நடந்தவற்றை நெருக்கடி நிலை முடிந்த பிறகு நீதிபதி மு.மு.இஸ்மாயில் ஆணையம் விசாரித்துப் பதிவு செய்தது. மேயராகவும் நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தவருக்கே இந்த நிலை என்றால், நாம் கற்பனை செய்த கூலிச் சங்கத்து இளைஞரின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது ‘தலித்துகளுக்கு நன்மை’ என்ற வாதத்துக்குத் திரும்புவோம். 17, 23 ஆகிய உறுப்புகளை எவரும் தொடவில்லை. அவற்றுக்குத் துணையாகச் சட்டங்களும் வந்தன. ஆனால் அச்சட்டங்களைப் பயன்படுத்தும் மனிதரைக் காரணம் சொல்லாமல் தூக்கிச் செல்ல முடிந்தது. அவரைத் தேடி எவரும் நீதிமன்றம் போக முடியவில்லை. அரசு விரும்பினால் கொத்தடிமை விடுவிக்கப்படுவார், விரும்பாவிட்டால் விடுவிக்கக் கோரியவர் சிறைப்படுவார் என்ற நிலையில் கிடைப்பது சலுகை, உரிமையன்று. 1976-77ஆம் ஓராண்டில் மட்டும் நாடெங்கும் எண்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைகள் நடந்ததை ஷா ஆணையம் பதிவு செய்திருக்கிறது. வீட்டுமனை தந்த அதே அரசுதான் அந்த இலக்குகளையும் ஏழைகளின் உடல்மீது நிறைவேற்றியது. மறுப்பதற்கு நீதிமன்றம் இல்லாதபோது இரண்டையும் பிரித்து வாங்க எவராலும் முடியவில்லை.

அம்பேத்கர் என்ன செய்தார்?

இங்கே நாம் மறைக்கக் கூடாத ஒன்று உண்டு. அரசமைப்பு அவையில் 1948 திசம்பர் 9 அன்று, இன்று 32ஆம் உறுப்பாக உள்ளதை அரசமைப்பின் ஆன்மாவும் இதயமும் என்று அண்ணல் அம்பேத்கர் போற்றியதை நம் மேடைகளில் அடிக்கடி சொல்கிறோம். அதே உறுப்பின் கடைசி உட்பிரிவு, அரசமைப்பு வேறுவிதமாகக் கூறும் இடங்கள் நீங்கலாக இவ்வுரிமையை நிறுத்தி வைக்கக் கூடாது என்கிறது. அந்த ‘நீங்கலாக’ என்ற சொல் சுட்டுவது 359ஆம் உறுப்பைத்தான். அரசே அழியும் நிலை வந்தால் தனிமனிதரின் உரிமையும் எஞ்சாது என்று அவர் அந்த விலக்கை நியாயப்படுத்தினார். எச்.வி.காமத் போன்றோர் 1949இல் அவையிலேயே கடுமையாக எதிர்த்தனர். அம்பேத்கரின் மனத்தில் இருந்தது அரசின் உயிருக்கே வந்த ஆபத்து. 1975இல் அது ஓர் ஆட்சியின் ஆயுளைக் காக்கும் கருவி ஆனது. காமத் கண்ட ஆபத்துதான் மெய்யானது என்பதை ஒப்புக்கொள்வது அம்பேத்கருக்கு இழுக்கு ஆகாது.

44ஆவது திருத்தம் மாற்றியதும் மாற்றாததும்

சனதா ஆட்சிக் காலத்தில், 1978இல் நிறைவேறிய 44ஆவது திருத்தம் பூட்டுகளைத் திருத்தி அமைத்தது. ‘உள்நாட்டுக் குழப்பம்’ என்ற சொல் நீக்கப்பட்டு ‘ஆயுதமேந்திய கிளர்ச்சி’ என்று ஆனது. அமைச்சரவையின் முடிவு எழுத்தில் வராமல் குடியரசுத் தலைவர் அறிவிக்க முடியாது. ஒரு மாதத்துக்குள் இரு அவைகளும் சிறப்புப் பெரும்பான்மையோடு ஏற்க வேண்டும்; ஆறு மாதத்துக்கு ஒரு முறை மீண்டும் ஏற்க வேண்டும். மக்களவை சாதாரணப் பெரும்பான்மையால் அதைக் கலைக்கலாம். 19ஆம் உறுப்பு தானாகச் செயலிழப்பது போர், அயல்நாட்டுத் தாக்குதல் ஆகியவற்றின் காரணமாக அறிவிக்கப்பட்டால் மட்டுமே. எல்லாவற்றுக்கும் மேலாக, 20, 21 ஆகிய உறுப்புகளை எந்த ஆணையாலும் நிறுத்த முடியாது. ஜபல்பூர் தீர்ப்பையே 2017இல் புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றம் தவறென்று அறிவித்தது. அதை எழுதிய நீதிபதி டி.ஒய்.சந்திரசூட், 1976இல் பெரும்பான்மையில் இருந்தவரின் மகன்.

ஆனால் விதிவிலக்கு பெற்றவை இரண்டு மட்டுமே. 14, 15, 16, 17, 19, 22, 23 ஆகிய யாவும் இன்றும் 359இன் கீழ் ஆணைக்கு உட்படக்கூடியவை. அந்த ஆணை நடப்பில் இருக்கும்வரை, குறிப்பிட்ட உரிமைகளுக்கு முரணான சட்டத்தையும் அரசு இயற்றலாம். அச்சட்டம் நெருக்கடி நிலையோடு தொடர்புடையது என்று அதிலேயே குறிப்பிட்டிருக்க வேண்டும். ஆகவே மாணவி கேட்ட கேள்விக்கு நேரான விடை இது: தானாகப் போகாது, ஆனால் ஓர் ஆணையால் நிறுத்தி வைக்க முடியும், அதைத் தடுக்கும் சொல் அரசமைப்பில் இல்லை.

இதனால் தீண்டாமை குற்றமில்லை என்று ஆகிவிடாது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டமும் நாடாளுமன்றம் இயற்றியவை. 359 நிறுத்துவது மூன்றாம் பகுதி உரிமைகளுக்காக நீதிமன்றம் செல்வதை மட்டுமே. சாதாரணச் சட்டங்களைத் தானாக நிறுத்துவதில்லை. அச்சட்டங்கள் திருத்தப்படாத வரை புகார் அளிக்கலாம், சிறப்பு நீதிமன்றமும் இயங்கும். அத்துடன் 21ஆம் உறுப்பு இன்று 1976இல் இருந்த ஒல்லியான உறுப்பன்று. 1978இல் மேனகா காந்தி வழக்குக்குப் பின் அதற்குள் நியாயமான நடைமுறையும் மனித மாண்பும் வந்து சேர்ந்தன. 1983இல் பந்துவா முக்தி மோர்ச்சா வழக்கில் கொத்தடிமைகளின் விடுதலையும் மறுவாழ்வும் அதனுள் வைத்துப் பார்க்கப்பட்டன. எனவே 17ஆம் உறுப்பின் வாசல் அடைபட்டாலும், தீண்டாமை மனித மாண்பைப் பறிப்பது என்று 21ஆம் உறுப்பின் வாசல் வழியே நுழைய முடியும். 1977க்குப் பிறகு தேசிய நெருக்கடி நிலை வரவில்லை என்பதால், அந்த வழி இன்னும் எவரும் நடந்து பார்க்காத வழி.

அறிவிக்கப்படாத காலத்தில்

நாம் கற்பனை செய்த இளைஞரை இன்றைய ஆண்டிபட்டிக்குக் கொண்டுவருவோம். நெருக்கடி நிலை இல்லை. ஆனாலும் தமிழ்நாட்டின் 1982ஆம் ஆண்டுக் குண்டர் தடுப்புச் சட்டத்தின் கீழ் மாவட்ட ஆட்சியர் கையெழுத்திட்டால் அவரை விசாரணையின்றி ஓராண்டு வரை சிறையில் வைக்கலாம். 1976இலிருந்து வேறுபாடு என்ன? காரணங்களைப் பொதுவாக ஐந்து நாளுக்குள் எழுத்தில் தர வேண்டும். அறிவுரைக் குழுமம் பார்க்க வேண்டும். மதுரைக் கிளையில் ஆட்கொணர்வு மனு போடலாம். அவருடைய முறையீட்டைப் பரிசீலிக்கத் தாமதித்தாலோ, அவர் அறிந்த மொழியில் ஆவணங்களைத் தராவிட்டாலோ ஆணை இரத்தாகும். இந்தப் பாதுகாப்புகளின் வேர் 22ஆம் உறுப்பில் இருக்கிறது. அந்த உறுப்பைத்தான் 1975இல் நிறுத்தினார்கள். இன்றும் நிறுத்த முடிகிறவற்றுள் அதுவும் ஒன்று.

44ஆவது திருத்தம் 22ஆம் உறுப்பையும் வலுவாக்கியது. அறிவுரைக் குழுமத்தின் கருத்தின்றிக் காவலில் வைக்கும் காலத்தை மூன்று மாதத்திலிருந்து இரண்டாகக் குறைத்தது. குழுமத்தை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியின் பரிந்துரைப்படி அமைக்கச் சொன்னது. நாடாளுமன்றம் நிறைவேற்றிய அந்தப் பிரிவை நடைமுறைக்குக் கொண்டுவரும் அறிவிக்கை இன்றுவரை எந்த மத்திய அரசாலும் வெளியிடப்படவில்லை. நெருக்கடி நிலையை எதிர்த்துச் சிறை சென்றவர்கள் ஆட்சிக்கு வந்தபோதும் வெளியிடவில்லை.

ஆகவே, என்றேனும் ஓர் அறிவிப்பு வருமானால் நாம் முதலில் பார்க்க வேண்டியது அறிவிப்பை அன்று. அதன் பின்னால் வரும் 359ஆம் உறுப்பின் ஆணையை. அதில் எந்தெந்த எண்கள் இருக்கின்றன, 1962ஐப் போல நிபந்தனையோடு வந்திருக்கிறதா, 1975ஐப் போல நிபந்தனையின்றி வந்திருக்கிறதா என்பவற்றைப் பார்க்க வேண்டும். அதுவரை கேட்க வேண்டியவை இரண்டு: 20, 21 ஆகியவற்றோடு 17, 23 ஆகிய உறுப்புகளையும் தொட முடியாதவையாக்கும் திருத்தம் ஒன்று, 1978இல் எழுதி வைத்துவிட்டு இன்னும் வெளியிடாத அந்த அறிவிக்கை மற்றொன்று.